டிரிப்டான் மாத்திரை: எப்போது போடுவது? டாக்டரம்மா பதில்கள்

(நரம்பியல் மருத்துவர், மஞ்சக்குப்பம், கடலூர். ஒற்றைத் தலைவலி என்று ஏற்கெனவே மருத்துவர் சொன்னவர்கள் மட்டும் கேளுங்கள். புதிதாகத் தலைவலி வந்தவர்கள் முதலில் நேரில் போய்க் காட்டுங்கள்.)

லாஸ்பேட்டை டீச்சர்: சுமாட்ரிப்டான் 50 எனக்குக் கேட்கவே இல்லை மேடம். போன செவ்வாய் 11 மணிக்கு வலது பொட்டில் ஆரம்பித்தது. மதியம் வெளிச்சம் தாங்கவில்லை. மூன்றரைக்கு வாந்தி. வீட்டுக்கு வந்து 5 மணிக்கு மாத்திரை போட்டேன், ராத்திரி முழுக்க வலிதான். மருந்தை மாற்றணுமா?

மருந்தை மாற்றும் முன் நேரத்தை மாற்றுங்கள். 11 மணிக்கு நடந்தது இதுதான்: மூளையைச் சுற்றியுள்ள உறையில் முக்கிளை நரம்பின் நுனிகள் சிஜிஆர்பி என்ற ஒரு பொருளைக் கொட்டுகின்றன. அதனால் ரத்தக்குழாய் விரிகிறது, வலி கிளம்புகிறது. சுமாட்ரிப்டான் போன்ற டிரிப்டான் வகை மருந்து அந்த நுனிகளில் இருக்கும் செரோடோனின் ஏற்பிகளில் உட்கார்ந்து கொட்டுவதை நிறுத்துகிறது, விரிந்த குழாயையும் சுருக்குகிறது. அதன் வேலை வாசலில்தான்.

மணிக்கணக்கில் விட்டுவிட்டால் வலி மூளைத்தண்டில் இருக்கும் அடுத்த கட்ட நரம்பணுக்களுக்குப் போய்விடும். அவை ஒருமுறை சூடேறிவிட்டால் வெளியிலிருந்து செய்தி வராவிட்டாலும் தாமாகவே கத்திக்கொண்டிருக்கும். அப்போது வாசலை அடைத்து என்ன பிரயோஜனம்?

அந்தக் கட்டத்துக்குப் போய்விட்டதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சீப்பு பட்டால் வலிக்கும், கொண்டையை அவிழ்க்கத் தோன்றும், கண்ணாடிக் காம்பு காதில் உறுத்தும், தலையணையில் அந்தப் பக்கம் சாய முடியாது. இது வந்தபின் போட்டால் மாத்திரை முழுதாக அடக்கும் வாய்ப்பு குறைவு. இன்னொன்று, தாக்குதலின்போது இரைப்பை மந்தமாகிவிடும். நீங்கள் 5 மணிக்கு விழுங்கியது குடலுக்கு இறங்காமல் வயிற்றிலேயே கிடந்திருக்கும்.

அதனால் மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள். 11 மணிக்கே, லேசாக இருக்கும்போதே போடுங்கள். இது அந்த வலிதானா என்று சந்தேகம் வந்தால் குனிந்து பாருங்கள், படி ஏறிப் பாருங்கள். அசைந்தால் ஏறுகிறது, ஒரு பக்கம் விண்விண் என்கிறது, குமட்டலும் தலைகாட்டுகிறது என்றால் அதேதான். முதல் மாத்திரையில் நின்று ராத்திரி திரும்பி வந்தால், குறைந்தது 2 மணி நேர இடைவெளி விட்டு இன்னொன்று போடலாம். 24 மணி நேரத்தில் 200 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. முதலாவது துளிக்கூடக் கேட்கவில்லையென்றால் அதே தாக்குதலுக்கு இரண்டாவது வேண்டாம். அதற்கு வேறு வலி மாத்திரையை உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இப்படி மூன்று தாக்குதலாவது பார்த்த பிறகு "கேட்கவில்லை" என்று சொல்லுங்கள். ஒரு டிரிப்டான் கேட்காதவருக்கு இன்னொன்று கேட்பது உண்டு.

முத்தியால்பேட்டை: எனக்கு முதலில் கண்ணில் மின்னல் மாதிரி வளைவு வளைவாய்க் கோடு ஓடும், அரை மணி கழித்துத்தான் வலி. கோடு தெரியும்போதே போட்டால் இன்னும் சீக்கிரம்தானே?

இல்லை. கோடு ஓடும்போது போட்டால் பின்னால் வரும் வலியை அது தடுப்பதாகத் தெரியவில்லை. மாத்திரையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, வலி தொட்டதும் போடுங்கள். கோட்டோடு ஒரு பக்கக் கை கால் தளர்ந்து போகிறது என்றால் டிரிப்டானைத் தொடாமல் நேரில் காட்டுங்கள்.

பாகூர்: தலைவலி வந்ததும் மெடிக்கலில் ஒரு மாத்திரை தருவாங்க, அதைப் போட்டும் கேட்காமல் டிரிப்டான் போடலாமா?

அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். எர்கோட்டமைன் என்று இருந்தால் 24 மணி நேரத்துக்கு டிரிப்டான் கூடாது. இரண்டுமே ரத்தக்குழாயைச் சுருக்குபவை. நம் ஊரில் சீட்டே இல்லாமல் கேட்டு வாங்கிப் போகிற மருந்து அது, அதுதான் என் பயம்.

நெல்லிக்குப்பம்: அப்பாவுக்கு 58. ஸ்டென்ட் வைத்திருக்கிறோம். அவருக்கும் தலைவலி, என் மாத்திரையில் ஒன்று கொடுக்கலாமா?

கூடாது. தலையில் இருக்கும் அதே ஏற்பி, குறைவாக என்றாலும், இதயக் குழாயிலும் இருக்கிறது. மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள், அடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் யாருக்கும் கூடாது. 58 வயதில் புதிதாகத் தலைவலி என்றால் அதையே முதலில் பார்க்க வேண்டும். ஜிப்மருக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் மெடிக்கல்: மேடம், எதுக்கு இவ்வளவு கணக்கு? நாக்கில் கரையும் ரிசாட்ரிப்டான் இருக்கே. நேரா ரத்தத்தில் ஏறிடும், அஞ்சே நிமிஷம். நான் எல்லாருக்கும் அதைத்தான் தர்றேன்.

நாக்கில் கரைகிறது, ஆனால் நாக்கு வழியாக ஏறுவதில்லை அண்ணே. எச்சிலோடு விழுங்கி, குடலில்தான் உறிஞ்சப்படுகிறது. ரத்தத்தில் உச்சத்தைத் தொட, விழுங்கும் மாத்திரையைவிடச் சற்றுத் தாமதம்கூட ஆகும்.

மெடிக்கல்: முப்பது வருஷமா கடை வச்சிருக்கேன். கஸ்டமர் சொல்றது பொய்யா? "கரையறதுதான் சீக்கிரம் கேட்குது"ன்னு தேடி வர்றாங்க.

பொய் இல்லை. தண்ணீர் தேட வேண்டாம், பஸ்ஸிலேயே வாயில் போட்டுக்கொள்கிறார்கள். அரை மணி முன்னால் போட்டதால் கேட்கிறது. டீச்சருக்குச் சொன்னதேதான்.

அரியாங்குப்பம்: நடுவில் வர்றதுக்கு மன்னிக்கணும். எனக்கு வாந்தி வந்தா கரையற மாத்திரையும் நிக்கிறதில்லை. என் டாக்டர் மூக்கில் அடிக்கிற ஸ்பிரே கொடுத்தார், அது கேட்குது. அப்போ அண்ணன் சொல்றது எப்படி?

உங்களுக்குச் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார். ஸ்பிரேயில் ஒரு பங்கு மூக்குச் சவ்வு வழியாகவே ஏறும். தோலுக்கடியில் போடும் 6 மில்லிகிராம் சுமாட்ரிப்டான் ஊசி இன்னும் வேகம், கால் மணியில் தெரியும். வாந்தி எடுப்பவருக்கு வயிற்றைச் சுற்றிப் போகும் வழிதான் வேண்டும்.

மெடிக்கல்: சரி, ஊசி வேகம். கரையறது வேகமில்லைன்னு ஒத்துக்க மாட்டேன்.

ஒத்துக்கொள்ள வேண்டாம், தந்துகொண்டே இருங்கள். ஆனால் தரும்போது ப்ராப்ரனலால் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். அது ரிசாட்ரிப்டானை ரத்தத்தில் ஏற்றிவிடும். 10 மில்லிகிராம் போடுபவர் 5-க்கு இறங்க வேண்டும். எர்கோட்டமைன் அட்டையைக் கூடவே நீட்டாதீர்கள்.

வில்லியனூர்: போட்டதும் தொண்டையை, நெஞ்சைப் பிடிக்கிறது, பத்து நிமிஷத்தில் போய்விடுகிறது. பயமா இருக்கு.

பலருக்கு வரும், பெரும்பாலும் இதயத்தோடு சம்பந்தம் இல்லை. ஆனாலும் அடுத்ததைப் போடும் முன் மருத்துவரிடம் சொல்லி ஒரு இசிஜி எடுத்துவிடுங்கள். வலி கைக்கு இறங்கினாலோ, வியர்த்தாலோ, விடாமல் நீடித்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கடலூர் ஓ.டி.: லேசா இருக்கும்போதே போடுங்கன்னு சொன்னீங்க. எனக்கு மாசத்தில் 14 நாள் லேசா வருது. 14 நாளும் போடலாமா?

இதுதான் இந்த மருந்தின் எல்லை. டிரிப்டானை மாதத்தில் 10 நாளும் அதற்கு மேலும், மூன்று மாதம் தொடர்ந்தால் மருந்தே தலைவலியைத் தர ஆரம்பிக்கும். நீங்கள் சொல்லும் 14-இல் எத்தனை உண்மையான தாக்குதல், எத்தனை மருந்து தந்தது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. நாட்காட்டியில் வலி வந்த நாளையும் போட்ட மாத்திரையையும் தனித்தனியாகக் குறித்துக் கொண்டுவாருங்கள். உங்களுக்கு வேண்டியது வலி வராமல் தடுக்கும் தினசரி மருந்து.

மற்றொருவர்: டிரிப்டானைத் தினமும் போட்டால் வராதா?

மேலே ஓ.டி.காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

இன்னொருவர்: சாதாரணத் தலைவலிக்கும் போடலாமா? அந்த மெடிக்கல் மாத்திரையோடு சேர்த்து?

இது பொது வலி மாத்திரை இல்லை. சேர்த்து என்றால், பாகூர்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.