விலை ஏறும்போது விற்ற பொருட்களின் அடக்கவிலை: ஃபிஃபோ, லிஃபோ, சராசரி

கேள்வி: பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சரக்கு ஒன்றுதான், கொடுத்த பணமும் ஒன்றுதான். அப்படியிருக்க, விலை ஏறும்போது ஃபிஃபோ, லிஃபோ, சராசரி மூன்றும் ஏன் வேறு வேறு அடக்கவிலையைக் காட்டுகின்றன? பீரியாடிக் முறையில் இதை எப்படிப் போடுவது?

பதில்:

மளிகை, எண்ணெய்க் கடைகளின் ஆண்டுக் கணக்கை முடித்துக் கொடுப்பது என் வேலை. அதனால் எண்ணெய் டின்னையே எடுத்துக்கொள்கிறேன். காலம் 2022 ஜனவரி முதல் மார்ச் வரை. பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்ததும் இங்கே சூரியகாந்தி எண்ணெய் விலை கிடுகிடுவென ஏறியது நினைவிருக்கும். நமக்கு வந்துகொண்டிருந்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்துதான் வந்தது. விலை ஏற்றத்துக்கு இதைவிடத் தெளிவான காலம் கிடைக்காது. கீழே உள்ள எண்கள் மட்டும் கணக்குக்கு வசதியாக நான் வைத்துக்கொண்டவை.

15 லிட்டர் டின், ஜிஎஸ்டி நீங்கலாக, வண்டி வாடகையும் இறக்குகூலியும் சேர்த்த அடக்கம்:

ஜனவரி 1, தொடக்க இருப்பு: 40 டின், ரூ.2,000 வீதம் = ரூ.80,000
ஜனவரி 20, கொள்முதல்: 60 டின், ரூ.2,100 வீதம் = ரூ.1,26,000
பிப்ரவரி 18, கொள்முதல்: 50 டின், ரூ.2,200 வீதம் = ரூ.1,10,000
மார்ச் 30, கொள்முதல்: 50 டின், ரூ.2,500 வீதம் = ரூ.1,25,000

மொத்தம் 200 டின், ரூ.4,41,000. மார்ச் 31 இரவு கடையை மூடிவிட்டு எண்ணினால் 60 டின் இருக்கிறது. அப்படியானால் போனது 140.

பீரியாடிக் முறை என்பது இவ்வளவுதான். ஒவ்வொரு டின்னும் வெளியே போகும்போது அதன் அடக்கத்தை யாரும் எழுதுவதில்லை. காலத்தின் முடிவில் இருப்பை எண்ணி, அதற்கு ஒரு மதிப்புப் போட்டு, மொத்தத்திலிருந்து கழித்தால் மிச்சம் விற்ற பொருட்களின் அடக்கவிலை. ஆகவே நீங்கள் உண்மையில் முடிவு செய்வது ஒன்றே ஒன்றை: மிஞ்சிய 60 டின்னுக்கு எந்த விலை? அந்த ரூ.4,41,000-ஐ இருப்புக்கும் விற்றதற்கும் பங்கு போடும் கோட்டைத்தான் மூன்று முறைகளும் வெவ்வேறு இடத்தில் கிழிக்கின்றன. கொடுத்த பணம் மாறவே இல்லை.

ஃபிஃபோவில் முதலில் வந்தது முதலில் போய்விட்டது என்று கொள்கிறோம். அப்படியென்றால் மிஞ்சியிருப்பது கடைசியில் வந்தவை. மார்ச் 30 டின் 50, அதற்கு ரூ.1,25,000. இன்னும் 10 டின் வேண்டும், அதைப் பிப்ரவரி விலையில் எடுத்தால் ரூ.22,000. இறுதி இருப்பு ரூ.1,47,000, விற்றதன் அடக்கம் ரூ.2,94,000.

லிஃபோவில் நேர் எதிர். கடைசியில் வந்தது முதலில் போனதாகக் கணக்கு. மிஞ்சியது பழசு: ஜனவரி 1-இல் இருந்த 40 டின் ரூ.80,000, அடுத்து வந்ததில் 20 டின் ரூ.42,000. இருப்பு ரூ.1,22,000, அடக்கம் ரூ.3,19,000.

சராசரியில் ரூ.4,41,000-ஐ 200-ஆல் வகுத்தால் டின் ரூ.2,205. இருப்பு ரூ.1,32,300, அடக்கம் ரூ.3,08,700. இங்கே மாணவர்கள் அடிக்கடி சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். நான்கு விலைகளையும் கூட்டி நான்கால் வகுத்துவிடுவார்கள். ரூ.2,200 வரும், பார்க்க நியாயமாகவும் தெரியும். ஆனால் அந்த விலையில் 200 டின்னுக்கு ரூ.4,40,000 தானே ஆகிறது? ஆயிரம் ரூபாய் எங்கே போனது? இருப்பும் அடக்கமும் சேர்ந்து மொத்தத்தைத் தொடவில்லை என்றால், எடையிட்ட சராசரியை விட்டுவிட்டுச் சாதாரணச் சராசரி போட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

சரி, 140 டின்னும் மொத்தம் ரூ.3,50,000-க்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். மொத்த லாபம் ஃபிஃபோவில் ரூ.56,000, சராசரியில் ரூ.41,300, லிஃபோவில் ரூ.31,000. ஃபிஃபோ பழைய மலிவு விலையை இன்றைய விற்பனை விலையோடு பொருத்துவதால் லாபம் பெருத்துத் தெரிகிறது. ஆனால் அந்தக் கடைக்காரர் அடுத்த டின்னை ரூ.2,500 கொடுத்துத்தான் வாங்க முடியும். ஆகவே அந்த ரூ.56,000-இல் ஒரு பகுதி எடுத்துச் செலவழிக்கக்கூடிய லாபம் அல்ல, அதே அளவு சரக்கைத் திரும்ப நிரப்பவே போய்விடும். அதற்கு ஈடாக, ஃபிஃபோவில் ஐந்தொகையில் நிற்கும் ரூ.1,47,000 சந்தை விலைக்கு நெருக்கமாக இருக்கும். லிஃபோவில் லாபக் கணக்கு இன்றைய விலையைப் பேசும், ஐந்தொகை மூன்று மாதத்துக்கு முந்தைய விலையைப் பேசும்.

இதுவரை எந்தப் புத்தகத்திலும் இருக்கும். பீரியாடிக் முறைக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது, அதைத்தான் நீங்கள் நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். மேலே மார்ச் 30 கொள்முதலைப் பாருங்கள். அந்த 50 டின் சாயங்காலம் வந்து இறங்கியது, மறுநாள் வரை ஒன்றுகூட விற்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் மூடி பிரிக்காமல் கிடங்கில் அடுக்கியபடி இருக்கிறது, நீங்களே எண்ணியும் பார்த்தீர்கள். ஆனால் பீரியாடிக் லிஃபோ அந்த ஐம்பதையும் முதலில் விற்றதாகச் சொல்கிறது! விற்ற தேதி அதற்குத் தெரியாது. காலம் முழுவதையும் ஒரே நாளாகப் பாவித்து, கடைசி பில்லிலிருந்து பின்னோக்கி எடுத்துக்கொண்டு வருகிறது.

அந்தக் கொள்முதலே நடக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். 150 டின், ரூ.3,16,000, மிச்சம் 10 டின். லிஃபோ இருப்பு ரூ.20,000, அடக்கம் ரூ.2,96,000. ஆகக் கடைசி நேரத்தில் ஒரு லோடு இறக்கியதால் மட்டும், ஏற்கனவே விற்று முடித்த 140 டின்னின் அடக்கம் ரூ.23,000 ஏறியிருக்கிறது. ஃபிஃபோவில் அந்த லோடு வந்தாலும் வராவிட்டாலும் அடக்கம் அதே ரூ.2,94,000 தான். சராசரி இங்கேயும் நடுவில் நிற்கிறது: லோடு இல்லாமல் சுமார் ரூ.2,94,933, லோடு வந்தபின் ரூ.3,08,700.

லாபத்தைக் குறைத்துக் காட்ட நினைக்கும் நிறுவனத்துக்கு இது எவ்வளவு சுலபமான கருவி என்று இதிலிருந்து புரியும். விற்பனையைத் தொடவே வேண்டாம், ஆண்டு முடிவில் ஒரு ஆர்டர் போட்டால் போதும். பர்பெச்சுவல் முறையில் ஒவ்வொரு விற்பனைக்கும் அந்த நேரத்தில் கையில் இருந்த சரக்கின் அடக்கத்தையே எடுப்பதால் இது நடக்காது. ஃபிஃபோவுக்கு மட்டும் இரண்டு முறையிலும் ஒரே விடை வரும். தேர்வில் லிஃபோ கணக்கு வந்தால் பீரியாடிக்கா பர்பெச்சுவலா என்று முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

நம் நாட்டில் லிஃபோவைக் கணக்கில் காட்ட முடியாது. 1999-இல் நடைமுறைக்கு வந்த திருத்திய கணக்கியல் தரமான ஏஎஸ் 2 அதை விட்டுவிட்டது, இண்ட் ஏஎஸ் 2-இலும் இடமில்லை. வருமான வரிக்கான ஐசிடிஎஸ் 2-உம் ஃபிஃபோவையும் எடையிட்ட சராசரியையும் தான் சொல்கிறது. சர்வதேசத் தரமான ஐஏஎஸ் 2-இலிருந்து 2003 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் இன்றும் உண்டு. அங்கே வருமான வரிச் சட்டத்தின் 472-ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது. ஒரு நிபந்தனை, வரிக்கு லிஃபோ போட்டால் பங்குதாரர்களுக்குக் காட்டும் லாபத்துக்கும் லிஃபோ தான் போட வேண்டும். வரி அலுவலகத்துக்கு ரூ.31,000, முதலீட்டாளருக்கு ரூ.56,000 என்று இரண்டு முகம் காட்ட முடியாது. என்னைக் கேட்டால் நியாயமான நிபந்தனை.

இன்னொன்று. "விலை ஏறினால் லிஃபோவில் அடக்கம் அதிகம்" என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். இருப்பின் எண்ணிக்கை குறையாத வரைதான் அதை நம்பலாம். நம் கடையையே அடுத்த மூன்று மாதத்துக்குக் கொண்டுபோவோம். விலை இன்னும் ஏறி ரூ.2,600. சரக்குத் தட்டுப்பாடு, 80 டின் தான் வாங்க முடிந்தது, ரூ.2,08,000. ஜூன் 30 அன்று மிஞ்சியது வெறும் 10 டின், அதாவது விற்றது 130.

ஃபிஃபோவில் தொடக்க இருப்பு ரூ.1,47,000. கொள்முதலைச் சேர்த்தால் ரூ.3,55,000. இறுதி இருப்பு 10 டின், ரூ.2,600 வீதம் ரூ.26,000. அடக்கம் ரூ.3,29,000. லிஃபோவில் தொடக்க இருப்பு ரூ.1,22,000, சேர்த்தால் ரூ.3,30,000. மிஞ்சிய 10 டின்னுக்கு அந்தப் பழைய ரூ.2,000 விலைதான், ஆக ரூ.20,000. அடக்கம் ரூ.3,10,000. விலை ஏறிக்கொண்டே இருக்கும்போது லிஃபோ அடக்கம் ஃபிஃபோவைவிட ரூ.19,000 குறைந்துவிட்டது!

அடியில் கிடந்த ரூ.2,000, ரூ.2,100 டின்கள் இப்போதுதான் கணக்கில் வெளியே வருகின்றன. ஜனவரி-மார்ச்சில் தள்ளிப்போட்ட லாபத்தில் பெரும்பகுதி இந்தக் காலத்தில் வந்து விழுகிறது. அமெரிக்க நிறுவனங்களின் அறிக்கையில் இதற்கு லிஃபோ லிக்விடேஷன் என்று பெயர். விலை ஏற்றத்தின் நடுவே ஒரு நிறுவனத்தின் லாபம் காரணமில்லாமல் துள்ளினால், அனுபவமுள்ளவர்கள் முதலில் தேடுவது இதைத்தான்.

அதனால் கணக்கைத் தொடும் முன் தொடக்க இருப்பு எத்தனை, இறுதி இருப்பு எத்தனை என்று எண்ணிக்கையை மட்டும் பாருங்கள். முதல் மூன்று மாதத்தில் 40 டின் 60 ஆனது, புத்தகம் சொல்லும் வரிசை வந்தது. இரண்டாவதில் 60 டின் 10 ஆனது, வரிசை தலைகீழானது. சராசரியும் போட்டுப் பாருங்கள், தொடக்க இருப்பு ரூ.1,32,300. அடக்கம் ஏறக்குறைய ரூ.3,15,993 வர வேண்டும்.