பெட்டீட், ரெகுலர், டால், பிளஸ்: எது எந்த உடம்புக்கு வெட்டினது?

கேள்வி: நான் 5 அடி 1 இன்ச், 68 கிலோ. ஆன்லைன்ல ரெகுலர் எக்ஸ்எல் எடுத்தா தோள் தொங்குது, இடுப்பு மட்டும் டைட்டா இருக்கு. பெட்டீட் ஒல்லியா இருக்கறவங்களுக்குன்னு ஃப்ரெண்ட் சொல்றா. அப்போ பிளஸ் எடுக்கணுமா, இல்ல ரெகுலரே வாங்கி கீழ வெட்டிக்கிட்டா போதுமா?

முதல்ல பெட்டீட்ல தேடுங்க. உங்க ஃப்ரெண்ட் சொல்றது தப்பு, அவங்க மட்டும் இல்ல, மால்ல ட்ரையல் ரூம் வாசல்ல நிக்கிற பாதி சேல்ஸ் பொண்ணுங்களும் இதையேதான் சொல்றாங்க. பெட்டீட்ங்கறது உயரக் கணக்கு, சுத்தளவுக் கணக்கு இல்ல. பெரும்பாலான வெளிநாட்டு பிராண்டுகள்ல 5 அடி 3, இல்லன்னா 5 அடி 4க்குக் கீழ இருக்கறவங்களுக்காக வெட்டுறது. அதுல எக்ஸ்எல்லும் உண்டு, சில இடத்துல பிளஸ் பெட்டீட்னே தனியாவும் உண்டு.

நான் பெங்களூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில, துணி வெட்டறதுக்கான அச்சு தயார் பண்ற பேட்டர்ன் செக்‌ஷன்ல இருக்கேன். வெளிநாட்டு பையருக்கு லேடீஸ் டிரெஸ், பேன்ட் தான் எங்க வேலை. "எல்லா பிராண்டும் ஒரே மாதிரி கிடையாது"ன்னு கமென்ட்ல யாராச்சும் வருவீங்க, தெரியும், நானும் அதை ஒத்துக்கறேன். கீழ சொல்ற இன்ச் எல்லாம் பொதுவா நாங்க பாக்கறது, பையருக்கு பையர் கால் இன்ச் அரை இன்ச் மாறும். ஆனா லாஜிக் மாறாது.

ஒரு டிரெஸ் எப்படி உருவாகுதுன்னு தெரிஞ்சா பாதி குழப்பம் போயிடும். பையர் ஃபிட் மாடல்னு ஒரே ஒரு பொண்ணை வச்சிருப்பாங்க. ரெகுலர் ரேஞ்சுக்கு அவங்க உயரம் அநேகமா 5 அடி 5, 5 அடி 6 இருக்கும். அவங்க மேல போட்டுப் பாத்து ஓகே ஆன சாம்பிள்தான் அடிப்படை. மத்த சைஸ் எல்லாம் அதுல இருந்து கிரேடிங் பண்றது, அதாவது சுத்தளவை ஏத்தி இறக்குறது. எஸ்ல இருந்து எக்ஸ்எல் வரைக்கும் போனா மார்பு, இடுப்பு, ஹிப் எல்லாம் நல்லா ஏறும், தோளும் கூடவே ஏறும், ஆனா நீளம் ரொம்பக் கொஞ்சம்தான் ஏறும். அதனால நீங்க வாங்கின எக்ஸ்எல்லும் 5 அடி 5 ஆளுக்கான டிரெஸ்தான், என்ன, அவங்க கொஞ்சம் அகலமா இருந்தா எப்படியோ அப்படி. நம்ம ஊர்ப் பொண்ணுங்க சராசரி உயரமே 152 செ.மீ. பக்கம்தான், அதாவது 5 அடி. வெளிநாட்டு பிராண்டுகள் கணக்குல நம்மள்ல முக்கால்வாசிப் பேர் பெட்டீட், இதுல கூச்சப்பட ஒண்ணுமே இல்ல.

இப்போ உங்க இடுப்பு டைட்டுக்கு வரேன், ஏன்னா இதே கதை எங்க அண்ணிக்கும் நடந்துச்சு. அவங்களும் உங்க உயரம்தான், ஒயிட்ஃபீல்ட்ல வேலை. ஆபீஸ் ஃபங்ஷனுக்குன்னு இடுப்புல தையல் வச்ச, முட்டி வரைக்கும் வர டிரெஸ் ஒண்ணு எம் சைஸ்ல வாங்கினாங்க. இடுப்புல பிடிக்குதுன்னு திருப்பி அனுப்பி எல் வாங்கினாங்க, இடுப்பு சரியாச்சு, ஆனா கழுத்து முன்னாடி வாய் திறந்து நிக்குது, தோள் தையல் கை மேல இறங்குது. "நான் குண்டாயிட்டேன்டி, எனக்கு எதுவுமே செட் ஆகாது"ன்னு என்கிட்ட கொண்டுவந்து போட்டுக் காட்டினாங்க. எனக்குக் கோவமே வந்துருச்சு, அவங்க மேல இல்ல, அந்த நெனப்பு மேல.

டேப் வச்சு அளந்தேன். குனிஞ்சா பின்கழுத்துல துருத்திக்கிட்டு ஒரு எலும்பு வரும் இல்லையா, அதுல இருந்து இடுப்பு வரைக்கும் அண்ணிக்கு 15 இன்ச். டிரெஸ்ல பின்கழுத்துத் தையல்ல இருந்து இடுப்புத் தையல் வரைக்கும் 16க்கு மேல. அதாவது டிரெஸ்ஸோட ரொம்பக் குறுகலான இடம் அவங்க இடுப்புல உக்காரல, ஒரு இன்ச்சுக்கும் கீழ, ஹிப் விரிய ஆரம்பிக்கிற இடத்துல போய் மாட்டுது. அங்க பிடிக்கத்தானே செய்யும்? கீழ இறங்க முடியாம துணி மேல ஏறி, முதுகுல இடுப்புக்கு மேல படுக்கை மடிப்பு விழுது. அந்த மடிப்புதான் அடையாளம். இடுப்பு உண்மையிலேயே பத்தலைன்னா மடிப்பு விழாது, துணி ரெண்டு பக்கமும் இழுத்துக்கிட்டு நிக்கும். நீளம் தப்பா இருக்கறதை நாம அகலம் பத்தலைன்னு நெனச்சு பெரிய சைஸுக்குப் போறோம், தோள் தொங்குறது அதோட விளைவு. அதே பிராண்ட்ல பெட்டீட் எம் வரவழைச்சுப் போட்டாங்க, இடுப்பு இடுப்புல உக்காந்துச்சு, எம் சுத்தளவு தாராளமா பத்துச்சு.

கீழ வெட்டினா போதுமான்னா, போதாது, காரணம் இதான். பெட்டீட் பேட்டர்ன்ல மூணு இன்ச் குறைக்கறோம்னா அதைக் கீழ மட்டும் வெட்டி எடுக்க மாட்டோம். பேட்டர்னைப் பல இடத்துல குறுக்க வெட்டி அங்கங்க கொஞ்சம் கொஞ்சம் எடுப்போம்: ஆர்ம்ஹோல் நடுவுல கால் இன்ச், ஆர்ம்ஹோலுக்கும் இடுப்புக்கும் நடுவுல அரை முக்கால், இடுப்புக்கும் ஹிப்புக்கும் நடுவுல கொஞ்சம், கையில முழங்கைக்கு மேலயும் கீழயும். டார்ட் முனை ஏறும், பாக்கெட் ஏறும், பட்டன் இடைவெளி குறையும். பேன்ட்னா ரைஸ்ல, அதாவது இடுப்புல இருந்து கால் பிரியற இடம் வரைக்குமான நீளத்துல, அரை முக்கால் இன்ச் போகும், முட்டி மேல ஏறும். நீங்க முட்டிக்குக் கீழ விரியற ரெகுலர் பூட்கட் வாங்கிக் கீழ மூணு இன்ச் வெட்டினா அந்த விரிவே வெட்டுப்பட்டுப் போயிடும், குறுகலா இருக்க வேண்டிய இடம் உங்க முட்டிக்குக் கீழயே நிக்கும், தொடை நடுவுல துணி தொங்குறது தொங்கிக்கிட்டேதான் இருக்கும். நேர் காலா இருக்கற பேன்ட், இடுப்புல தையல் இல்லாத குர்த்தா, இதுக்கெல்லாம் கீழ வெட்டினா ஓரளவு ஓடும்.

டால் இதுக்கு அப்படியே நேர் எதிர், 5 அடி 8, 9க்கு மேல இருக்கறவங்களுக்கு அதே இடங்கள்ல நீளம் சேர்ப்பாங்க. காலை மட்டும் நீட்டிட்டு டால்னு விக்கறதும் இருக்கு, அது நல்ல வேலை இல்ல.

பிளஸ் தான் நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கறது. ரெகுலரை ஏத்திக்கிட்டே போனா பிளஸ் வந்துடும்னு நெனக்கிறாங்க. வராது. உடம்புல சதை போடும்போது எலும்பு அகலம் ஆகறதில்ல. தோள் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், மேல்கை, மார்பு, வயிறு, பின்பக்கம்தான் கூடும். அதனால ஒழுங்கா பண்ற பிராண்டு பிளஸ்ஸுக்கு தனி ஃபிட் மாடல், தனி பிளாக், அதாவது எல்லா டிசைனுக்கும் அடிப்படையான பேட்டர்ன், வச்சிருப்பாங்க. அந்த பிளாக்ல தோள் கொஞ்சம்தான் ஏறும், மேல்கை நிறைய ஏறும், ஆர்ம்ஹோல் ஆழமாகும், மார்பு டார்ட் பெருசாகும், பேன்ட்ல பின் ரைஸ் நீளும். அமெரிக்க பிராண்டுகள்ல 16, 16 டபிள்யூன்னு ரெண்டு சைஸ் பாத்திருப்பீங்க. டபிள்யூ போட்டது இந்த பிளஸ் பிளாக். ரெண்டும் ஒரே நம்பர்ங்கறதால ஒரே டிரெஸ் ஆகாது, டபிள்யூல இடுப்பும் மேல்கையும் கூட இருக்கும். ஆனா கவனிங்க, பிளஸ் பிளாக்கும் 5 அடி 5, 6 உயரத்துக்குத்தான் வெட்டுறது. உங்க உயரத்துக்கு சும்மா பிளஸ் எடுத்தா இடுப்பு மறுபடியும் கீழதான் போய் நிக்கும்.

இங்க நம்ம பிராண்டுகள்ல நிறைய இடத்துல இந்தப் பிரிவே கிடையாது, 3எக்ஸ்எல் வரைக்கும் ஒரே பிளாக்கை இழுத்துட்டு பிளஸ்னு பேர் வச்சிடுறாங்க. அதான் தோள் முழங்கை வரைக்கும் வருது, மேல்கை மட்டும் அப்பவும் பிடிக்குது. நிஃப்ட்ங்கற அரசு ஃபேஷன் கல்லூரி இந்தியாசைஸ்னு ஒரு சர்வே எடுத்தாங்க, 25,000 பேரை 3டி ஸ்கேனர்ல அளக்கறதா திட்டம். நம்ம உடம்பு அளவுல இருந்து பிளாக் எடுத்துத் தைக்கிற டிரெஸ் கடையில சாதாரணமா தொங்கணும்னு எனக்கு அவ்ளோ ஆசை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒண்ணு, ஆனா சொல்லிடறேன். இவ்ளோ கணக்கு இருக்கற வேலைய ஊர்ல போய் சொன்னா "ஓ, டெய்லர் வேலையா"ன்னு கேட்டுட்டு, அடுத்த வாய்ல "என் பொண்ணு கல்யாணத்துக்கு நாலு பிளவுஸ் தச்சுக் குடு"ங்கறாங்க, துணி வேற கையில கொண்டுவந்துடுவாங்க, காசு பத்திப் பேச்சே இருக்காது. டெய்லர் வேலை கேவலம்னு நான் சொல்லல, எங்க அம்மாவே தச்சுத்தான் எங்களை வளத்தாங்க. அந்த அம்மாவுக்கும் இதே சொந்தக்காரங்க கூலிய ஒழுங்கா குடுத்ததில்ல, எனக்கு அதான் எரியுது.

சரி, உங்க விஷயம். எடை எதுவும் சொல்லாது, 68 கிலோவுல மார்பு 36ம் இருக்கலாம் 40ம் இருக்கலாம், அதனால அளந்துக்கோங்க. இடுப்புல எலாஸ்டிக் ஒண்ணு கட்டுங்க, ரெண்டு தடவை குனிஞ்சு வளைஞ்சா அதுவே போய் உக்கார்ற இடம்தான் உங்க இடுப்பு. பின்கழுத்து எலும்புல இருந்து எலாஸ்டிக் வரைக்கும் யாரையாச்சும் அளக்கச் சொல்லுங்க, தனியா பண்ணினா தப்பா வரும். அப்புறம் குஷன் இல்லாத கெட்டியான நாற்காலியில நேரா உக்காந்து, பக்கவாட்டுல எலாஸ்டிக்ல இருந்து நாற்காலி வரைக்கும் அளங்க, உங்க ரைஸ் எவ்ளோன்னு அதுல தெரியும். முதல் அளவு 15 பக்கம் வந்து, எக்ஸ்எல்ல தோள் தொங்குதுன்னா, உங்களுக்கு பெட்டீட்ல எல் பத்தும்னு என் கணிப்பு. தோள் சரியா உக்காந்தும் மேல்கையும் வயிறும் பிடிச்சா மட்டும் பிளஸ் பெட்டீட் தேடுங்க. அது இங்க கிடைக்கிறது கஷ்டம்.

கையில இருக்கற எக்ஸ்எல்லைத் திருப்பி அனுப்ப முடிஞ்சா அனுப்பிடுங்க. முடியலைன்னா, இடுப்புல தையல் இருக்கற டிரெஸ்ஸா இருந்தா பெங்களூர்னா ஜெயநகர் மாதிரி ஏரியால நல்ல ஆல்டரேஷன் கடை பாத்து, இடுப்புத் தையலைப் பிரிச்சு மேல் பாடியில ஒரு இன்ச் எடுக்கச் சொல்லுங்க. ஜிப்பைக் கழட்டி மாட்டணும், வெட்டின இடத்துல அகலம் கூடறதால சைடும் பிடிக்கணும், அதனால கூலி கொஞ்சம் கூட கேப்பாங்க, அது நியாயமான கூலிதான். தோள்ல தூக்கித் தச்சுடறேன்னு சொன்னா, கை இல்லாத டிரெஸ்ஸுக்கு அரை இன்ச் வரைக்கும் சரி. கை வச்சதுன்னா ஆர்ம்ஹோல் சின்னதாகி கையையே பிரிச்சு மறுபடி வெட்டி மாட்ட வேண்டி வரும், அப்படிப் பண்ணுவாரான்னு கேட்டுட்டு அப்புறம் குடுங்க.