கிண்டலை நிறுத்திவிட்டு ஒரு வாக்கியம்

அக்கா, என்னோடு வேலை பார்க்கும் ஒருவரை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு வருடமாக ஒருவரையொருவர் ஓட்டிக்கொண்டே இருக்கிறோம். போன வாரம் "உங்களையே மாப்பிள்ளையா பார்த்துட்டேன்னு வீட்ல சொல்லிடவா?" என்று கேட்டேன். "முதல்ல உங்க சமையலைச் சாப்பிட்டுப் பார்க்கணும் மேடம்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் மனதில் இருந்ததைத்தான் கேட்டேன். வெளிப்படையாகச் சொல்லி அவருக்கு விருப்பமில்லை என்றால் தினமும் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? மானம் போகாமல் சொல்ல வழி உண்டா?
– ச., திருச்சி

அன்புள்ள ச.,

அந்தச் சமையல் பதிலை வைத்து ஒரு வாரமாக மண்டையைக் குழப்பிக்கொண்டிருப்பீர்கள். விட்டுவிடுங்கள், அதில் ஒன்றுமில்லை. கேலியாகக் கேட்டால் கேலியாகத்தான் பதில் வரும், உங்கள் மேல் ஆசை வைத்திருப்பவரும் அந்த இடத்தில் அதையேதான் சொல்லியிருப்பார், ஏனென்றால் சீரியஸாகப் பதில் சொல்லி நீங்கள் "ஐயோ, சும்மா கேட்டேன்" என்றுவிட்டால் அசடு வழிய வேண்டியது அவர்தான். நீங்கள் பயப்படுகிற அதே மானம் அவருக்கும் இருக்கிறது.

கலித்தொகையில் சின்ன வயதில் ஒருத்தியின் மணல்வீட்டை மிதித்தும் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியும் வம்பு செய்தவன், வளர்ந்தபிறகு தண்ணீர் கேட்டு வீட்டுக்கு வந்து அவள் கையைப் பிடித்துவிடுகிறான். அவள் அலற, அம்மா ஓடிவர, "தண்ணீர் குடிக்கையில் விக்கினான்" என்று சமாளித்து அவனைக் காப்பாற்றுகிறாள். (கையைப் பிடிக்கிற வேலையெல்லாம் இன்றைக்கு யாருக்கும் வேண்டாம்.) நான் கவனிப்பது, அவன் மானம் அவன் சாமர்த்தியத்தால் தப்பவில்லை, எதிரில் இருந்தவள் கொடுத்ததால் தப்பியது. நீங்களும் உங்களுக்குத் தப்பிக்கும் வழி தேடாமல் அவருக்கு ஒன்று வைத்துப் பேசுங்கள்.

எப்படியென்றால், இப்படி: "ஒரு விஷயம், இது கிண்டல் இல்லை. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு அப்படி இல்லேன்னா பரவாயில்லை, நாம இப்ப மாதிரியே பேசிக்கலாம். உடனே எதுவும் சொல்ல வேண்டாம்."

முதல் வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு வருடப் பழக்கத்தில் நீங்கள் எதைச் சொன்னாலும் அவர் சிரிக்கத் தயாராக இருப்பார், அது இல்லாவிட்டால் பாதியிலேயே "அடுத்து என்ன, தாலியா?" என்று ஆரம்பித்துவிடுவார், அப்புறம் உங்களுக்கும் சேர்ந்து சிரிப்பதைத் தவிர வழியில்லை. இரண்டாவதில் கல்யாணம், வீடு எதுவும் வேண்டாம், அவை வந்தால் அவர் உங்களுக்குப் பதில் சொல்லாமல் தன் அப்பா அம்மாவுக்குப் பதில் யோசிக்கத் தொடங்குவார். கடைசி இரண்டும் அவருக்கான கதவு. சொல்லிவிட்டுச் சிரிக்காதீர்கள், "சும்மாதான்" என்று ஒட்டாதீர்கள். அந்த ஒரு சொல் எல்லாவற்றையும் பழையபடி கேலியாக்கிவிடும், அடுத்த தடவை நீங்கள் நிஜமாகச் சொன்னாலும் நம்பமாட்டார்.

தோழியைத் தூது விடலாமா என்று கேட்பீர்கள். சங்ககாலத் தோழியிடம் வாட்ஸ்அப் குரூப் இல்லை. மூன்றாவது ஆளுக்குத் தெரிந்தால் அலுவலகமே உங்கள் இருவர் பெயரையும் சேர்த்து ஓட்டும், விருப்பம் இருக்கிறவரும் அந்தக் கூச்சத்தில் "அதெல்லாம் இல்லப்பா" என்று மறுத்துவிடுவார். தனியாக, வேலை முடிந்து இருவரும் கிளம்புகிற நேரத்தில் சொல்லுங்கள். காலையில் சொன்னால் மாலைவரை எதிரெதிரே உட்கார்ந்திருக்க வேண்டும், பாவம் இருவருமே.

அவர் நேராக "இல்லை" என்று சொல்லாமல் இருக்கலாம், நம் ஊரில் நேராக மறுப்பது அபூர்வம். "எப்போதிலிருந்து?" என்றோ, "நாளைக்கு வெளியே எங்கேயாவது உட்கார்ந்து பேசலாமா?" என்றோ கேட்டால் நல்ல அறிகுறி. "வீட்ல ஒத்துக்க மாட்டாங்க" என்பது மட்டும் குழப்பும், அது நிஜமான தடையாகவும் இருக்கும், மரியாதையான மறுப்பாகவும் இருக்கும். அடுத்து என்ன செய்யலாம் என்று அவரே பேச்சை நீட்டுகிறாரா பாருங்கள், நீட்டாவிட்டால் மறுப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் அதைப் பற்றி வாயே திறக்காவிட்டாலும் அதேதான். "யோசிச்சீங்களா?" என்று போய்க் கேட்காதீர்கள், அவருக்குக் கொடுத்த கதவை நீங்களே சாத்துவதாகிவிடும்.

மறுநாள் காலை உங்களுக்குத்தான் கஷ்டம். முதலில் நீங்கள் பேசுங்கள், அவர் ஃபைலைத் தொலைத்ததையோ டீயில் சர்க்கரை அள்ளிப் போடுவதையோ பழையபடி ஓட்டுங்கள், மாப்பிள்ளை, கல்யாணம் பக்கம் மட்டும் கொஞ்ச நாள் போகவேண்டாம். அவர் திருப்பி ஓட்டினால் சரி, "இப்ப மாதிரியே பேசிக்கலாம்" என்று நீங்கள் சொன்னதை அவர் நம்பிவிட்டார்.