‘தான்’, ‘ஏ’: எதை எடுப்பது, எதை விடுவது?

“களுவாஞ்சிக்குடியில் உயர்தர மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். அவர்களுடைய கட்டுரைகளில் வரிக்கு வரி ‘தான்’, ‘ஏ’, ‘மட்டுமே’ என்று வந்து விழுகின்றன. எதை வெட்டச் சொல்வது, எதை விடச் சொல்வது?”

மட்டக்களப்பு நகரில் விழா மலர்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். இந்தச் சிக்கலை நாள்தோறும் கையில் எடுக்கிறேன். பொது விதி சொல்வதைவிட ஒரு பத்தியை எடுத்துத் திருத்திக் காட்டுவது பயன்படும். வரும் கட்டுரைகளின் போக்கில் நானே எழுதிய பத்தி இது:

“மட்டக்களப்புக் கோட்டையானது புளியந்தீவிலேயேதான் அமைந்துள்ளது. இதனை 1628ஆம் ஆண்டிலேயே போர்த்துக்கேயரே கட்டினர். 1638ஆம் ஆண்டிலேயேதான் ஒல்லாந்தர் இதனைக் கைப்பற்றினர். இலங்கையில் ஒல்லாந்தர் கைப்பற்றிய முதலாவது கோட்டையும் இதுவேயாகும்.”

நன்னூல் ஏகாரத்துக்குச் சொல்லும் பொருள்களில் பிரிநிலையும் தேற்றமும் நமக்கு இங்கே வேண்டியவை. தேற்றம் என்றால், உறுதியாகச் சொல்வது. பிரிநிலை என்றால், பலவற்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுவது. ஆகவே ‘ஏ’யோ ‘தான்’ஓ வந்தால் “வேறு எது இல்லை என்கிறாய்?” என்று மாணவரிடம் கேளுங்கள். பதில் இருந்தால் இடைச்சொல் நிற்கட்டும். இல்லையென்றால் அது வெறும் அசை.

முதல் வாக்கியத்தில் இதைக் கேட்போம். கோட்டை காத்தான்குடியில் இருப்பதாக யாராவது சொன்னார்களா? இல்லை. எனவே “புளியந்தீவில்” போதும். ‘ஆனது’வும் போகலாம், எழுவாயைச் சற்று உயரமான இடத்தில் நிறுத்துவதைத் தவிர அது எதையும் செய்யவில்லை.

இரண்டாவது வாக்கியம் சுவையானது. நம் ஊரில் அதை ஒல்லாந்தர் கோட்டை என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். படிப்பவர் மனத்தில் ‘ஒல்லாந்தர் கட்டியது’ என்ற எண்ணம் ஏற்கெனவே இருக்கிறது. அதை மறுக்க வேண்டியிருப்பதால் போர்த்துக்கேயருக்கு அழுத்தம் தேவை. ஆனால் ஆண்டுக்குத் தேவையில்லை. ஒரே வாக்கியத்தில் இரண்டு இடத்தில் அழுத்தினால் எது முக்கியம் என்பது படிப்பவருக்குத் தெரியாமல் போகும்.

மூன்றாவது வாக்கியத்தில் இருப்பது மிகை அன்று, பிழை. காலத்தோடு சேரும்போது ‘ஏ’, ‘தான்’ இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். “காலையிலேயே வந்துவிட்டார்” என்றால் எதிர்பார்த்ததைவிட முன்னதாக வந்தார். “மாலையில்தான் வந்தார்” என்றால் தாமதமாக வந்தார். அப்படியானால் “1638ஆம் ஆண்டிலேயேதான்” என்பது சீக்கிரம் என்கிறதா, தாமதம் என்கிறதா? எழுதியவர் சொல்ல நினைத்தது, கட்டிய பின் குறுகிய காலத்தில் கைமாறிவிட்டது என்பதாக இருக்கலாம். அதற்குத் தமிழில் அழகான இடம் இருக்கிறது: “பத்தே ஆண்டுகளில்”. எண்ணோடு நேரே ஒட்டிய ஏகாரம் ‘இவ்வளவு குறைவு’ என்று சொல்லிவிடும்.

கடைசி வாக்கியத்தில் ‘முதலாவது கோட்டை’ என்ற சொல்லே மற்றவற்றை விலக்கிவிட்டது. அதற்குமேல் ‘உம்’, ‘ஏ’, ‘ஆகும்’ மூன்றும் எதற்கு?

இப்போது பத்தி இப்படி நிற்கும்:

“மட்டக்களப்புக் கோட்டை புளியந்தீவில் இருக்கிறது. 1628இல் இதைக் கட்டியவர்கள் போர்த்துக்கேயரே. பத்தே ஆண்டுகளில் ஒல்லாந்தர் இதைக் கைப்பற்றினர். இலங்கையில் அவர்கள் கைப்பற்றிய முதல் கோட்டை இது.”

இரண்டு ஏகாரங்கள் மிஞ்சியிருக்கின்றன. “கட்டியவர்கள்” என்று வினையாலணையும் பெயரை முன்னே வைத்ததைக் கவனியுங்கள். வாக்கியத்தின் இறுதிக்கு வந்ததாலேயே போர்த்துக்கேயர் அழுத்தம் பெற்றுவிட்டனர். அங்கே ஏகாரத்தையும் எடுத்துவிடலாம் என்று வாதிடுபவரோடு நான் சண்டை பிடிக்க மாட்டேன்.

வெட்டச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சேருங்கள், இல்லையேல் மாணவர்கள் கண்டதையெல்லாம் வெட்டிவிடுவார்கள். ‘உடனே’, ‘ஏற்கெனவே’, ‘எனவே’ போன்றவற்றில் ஏகாரம் சொல்லோடு ஒன்றிப்போய்விட்டது. அதைத் தொடக் கூடாது. “குளத்துத் தண்ணீர் திறந்தால் சிறுபோகம் செய்யலாம்” என்பதும் “திறந்தால்தான் செய்யலாம்” என்பதும் வேறு வேறு செய்திகள். முதலாவது ஒரு வழியைச் சொல்கிறது. இரண்டாவது வேறு வழியில்லை என்கிறது. “இப்போதுதான் போனார்” என்பதிலும் ‘தான்’ஐ நீக்கினால் ‘சற்று முன்’ என்ற பொருள் மறைந்துவிடும்.

‘மட்டுமே’ பெரும்பாலும் ‘மட்டும்’ என்று குறைந்தாலே போதும். ‘மட்டுமேதான்’ என்பதை எங்கே கண்டாலும் வெட்டுங்கள், யோசிக்க வேண்டாம்.

இன்னொன்று, இடைவெளி. அழுத்தம் தரும் ‘தான்’ முன்சொல்லோடு ஒட்டி வர வேண்டும். “அவர் தான் எழுதியதைப் படித்தார்” என்றால் தம்முடைய எழுத்தைப் படித்தார். “அவர்தான் எழுதியதைப் படித்தார்” என்றால் படித்தவர் வேறு யாருமில்லை. மெய்ப்பில் நான் அதிகம் திருத்துவது இந்த இடைவெளியைத்தான்.