சளியில் இரத்தம்: ஐந்து கேள்விகள், ஒரு மருத்துவரின் பதில்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வாசகர்களின் கேள்விகளுக்கு, மார்பு நோய் கிளினிக்கில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்ற மருத்துவர் ஒருவர் பதில் சொல்கிறார்.

“அப்பாவுக்கு 58 வயசு, களுவாஞ்சிக்குடி. மூணு கிழமையா இருமல். போன கிழமை மூணு நாள் காலையில சளியில நூல் மாதிரி இரத்தம். இப்ப நிண்டிட்டுது. வெத்திலைச் சாயம் எண்டு சொல்றார். டொக்டரிட்ட போகத்தான் வேணுமா?”

போகத்தான் வேண்டும். இரவோடு இரவாக ஓடத் தேவையில்லை, நாளைக்குக் கூட்டிப் போங்கள். வெற்றிலைச் சாறு சளி முழுவதையும் சிவப்பாக்கும். நூலாக ஓடுவது பெரும்பாலும் இரத்தம். சந்தேகமென்றால் காலையில் வெற்றிலை போடுமுன் வாயைக் கொப்பளித்துவிட்டு வெள்ளைக் கடதாசியில் துப்பச் சொல்லிப் பாருங்கள்.

டொக்டர் முதலில் முரசையும் மூக்கையும் பார்ப்பார், இரத்தம் அங்கிருந்தும் வரலாம். அப்புறம் நாடித்துடிப்பு, மூச்சு, விரலில் மாட்டும் கருவியில் ஒட்சிசன். இரவில் காய்ச்சலா, வியர்வையா, உடம்பு மெலிந்ததா என்று கேட்பார். பிறகு எக்ஸ்ரே, சளிச் சோதனை. அப்பா பீடி, சிகரெட் குடிப்பவரென்றால் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த வயதில் புகைப்பவருக்கு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் சிடி ஸ்கேன் தேவைப்படலாம். இதயத்தின் நிழலுக்குப் பின்னால் சிறிய கட்டி தெரியாமல் போகும். இரத்தம் நின்றதும் கிளினிக்குக்கு வராமல் இருந்து, மாதங்கள் கழித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

“எனக்கும் இரத்தம் வந்தது. சளியைச் சோதிச்சு கிருமி இல்லை எண்டு ரிப்போட் தந்தாங்க. அப்ப காசநோய் இல்லைத்தானே?”

பாதி சரி. ஒரு மில்லிலீற்றர் சளியில் ஆயிரக்கணக்கான கிருமிகள் இருந்தால்தான் நுண்ணோக்கியில் கண்ணுக்குப் படும். குறைவாக இருந்தால் ‘இல்லை’ என்றே வரும். அதைவிட, பலர் கொடுப்பது சளியே அல்ல, எச்சில். காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, இரண்டு மூன்று தடவை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி அளவு போதும். இருமல் இன்னும் இருந்தால், கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பேர்ட் சோதனை செய்யலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள், அது குறைவான கிருமியையும் பிடிக்கும்.

“காசநோய்க் குளிசை தொடங்கி அஞ்சு நாள். சளி, சிறுநீர் எல்லாம் செம்மஞ்சளா வருது. இரத்தம் எண்டு பயந்து குளிசையை நிப்பாட்டிட்டன்.”

தம்பி, அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம். வியர்வையும் கண்ணீரும்கூட அப்படி வரும், பயமில்லை. நாளைக்கே கிளினிக்குக்குப் போய், விட்ட நாட்களைச் சொல்லி மறுபடி தொடங்குங்கள். கண் மஞ்சளானாலோ சாப்பாட்டில் மனமே இல்லையென்றாலோ மட்டும் கதை வேறு: குளிசை போடாமல் அன்றைக்கே காட்ட வேண்டும்.

“அக்கரைப்பற்று. வாப்பாவுக்கு 20 வருசத்துக்கு முன்ன வலது பக்கம் காசநோய். ஆறு மாசம் குளிசை குடிச்சு முடிச்சவர். இப்ப திரும்ப இரத்தம். பழைய குளிசையையே தொடங்கலாமா?”

வேண்டாம். நோய் திரும்பியிருக்கலாம், திரும்பாமலும் இரத்தம் வரலாம். ஆறிய இடத்தில் மூச்சுக் குழாய்கள் விரிந்துபோய், அங்கே இரத்தக் குழாய்கள் பருத்திருக்கும். பழைய குழியில் பூஞ்சணம் உருண்டையாக வளர்வதும் உண்டு. இரண்டுக்கும் காசநோய்க் குளிசை உதவாது. ஏற்கெனவே நோய் வந்தவரில் ஜீன்எக்ஸ்பேர்ட் செத்த கிருமியையும் காட்டலாம், ஆகவே சளியை வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்புவார்கள். அதற்குச் சில கிழமைகள் எடுக்கும். எது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது மகள், சிடி ஸ்கேன் பார்த்துத்தான் தெரியும்.

இப்படிப்பட்ட பழைய தழும்பு திடீரென்று நிறையக் கசியும். அரைக் கோப்பை அளவு வந்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். அதுவரை வாப்பாவை வலது பக்கம் கீழே இருக்கும்படி சரித்துப் படுக்க வையுங்கள். இதில் உயிர் போவது பெரும்பாலும் இரத்தம் குறைந்து அல்ல, நல்ல நுரையீரலுக்குள்ளும் அது நிறைந்து மூச்சை அடைப்பதால்தான்.

“என்ர அவருக்கு வயல் வேலை. நாலு நாளாக் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு. இண்டைக்குச் சளியில கொஞ்சம் இரத்தம். கிளினிக் புதன்கிழமைதான். அதுவரை பொறுக்கலாமா?”

பொறுக்காதீர்கள், இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதில் சளியில் தெரிவது ஒரு கீறலாக இருக்கும்போதே நுரையீரலுக்குள் இரத்தம் பரவிக்கொண்டிருக்கும். சில மணி நேரத்தில் மூச்சு விட முடியாமல் போகலாம். சிறுநீர் குறைந்திருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வயல் தண்ணீரில் நின்றவர் என்பதை டொக்டர் கேட்குமுன் நீங்களே சொல்லுங்கள். நோவுக்கு டைக்குளோபெனாக், ஐபுபுரோஃபென், அஸ்பிரின் எதுவும் கொடுக்க வேண்டாம். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள், இலவசம்.