பேமெண்ட் கேட்வேயில் நிற்கும் முதல் பணம்: எந்த ஆவணம் விடுவிக்கும்?

"திருப்பூரில் வீட்டிலிருந்தே குழந்தைகள் உடுப்பு விற்கிறேன். சொந்தமாக வெப்சைட் போட்டு 22 நாள் ஆகிறது. 47 ஆர்டர், 38,640 ரூபாய் வந்திருக்கிறது. அதில் ஒரு ரூபாய்கூட என் கணக்குக்கு வரவில்லை. வாங்குபவர்களிடம் பணம் வாங்கி எனக்கு அனுப்ப வேண்டிய பேமெண்ட் கேட்வே, வணிகச் சரிபார்ப்பு நிலுவையில் என்றே காட்டுகிறது. பான், ஆதார், பாஸ்புக் மூன்றையும் ஏற்றினேன். இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெங்களூரு, கொச்சிக்கெல்லாம் பார்சல் போய்க்கொண்டிருக்கிறது. தம்பிக்கு ஏற்கெனவே ஒரு கேட்வே அக்கவுண்ட் இருக்கிறது, அதில் பணம் வாங்கலாமா? வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா?"
— வாசகி, திருப்பூர்

தம்பியின் அக்கவுண்ட் வேண்டவே வேண்டாம். அது அவர் தொழிலுக்காகச் சரிபார்க்கப்பட்டது. அதில் உங்கள் சரக்குக்கான பணம் வந்தால், இன்னொருவருக்காகப் பணம் வாங்குகிறார் என்று அவர் கணக்கையும் நிறுத்திவிடுவார்கள். நோட்டீஸும் இப்போது வேண்டாம். சரிபார்ப்பு முடியும்வரை பணத்தை நிறுத்திவைக்கலாம் என்ற நிபந்தனைக்கு, பதிவு செய்தபோது நீங்கள் சம்மதம் கொடுத்திருப்பீர்கள். அதைச் சுட்டிக்காட்டித்தான் பதில் வரும்.

உங்கள் பணம் எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, வாடிக்கையாளர் கட்டும் பணத்தைக் கேட்வே நிறுவனங்கள் ஒரு வங்கியில் எஸ்க்ரோ கணக்கில், அதாவது தங்கள் பணத்தோடு கலக்காத தனிக் கணக்கில், வைக்க வேண்டும். அதைத் தங்கள் செலவுக்கு எடுக்க முடியாது. ஆனால் வேறொரு ஆபத்து இருக்கிறது. சரிபார்ப்பு கடைசிவரை தேறாவிட்டால், பணம் உங்களிடம் வராமல் வாங்கியவர்களுக்கே திரும்பிப் போகக்கூடும். சரக்கோ ஏற்கெனவே போய்விட்டது. அதனால் இன்றைக்கே வெப்சைட்டில் புது ஆர்டர் எடுப்பதை நிறுத்திவையுங்கள். இனி அனுப்ப வேண்டிய பார்சல்களைப் பற்றி வாங்கியவர்களிடம் சொல்லி, ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள்.

அடுத்து, "எந்தக் காரணத்தால் நிறுத்தப்பட்டது, எந்த ஆவணம் எதனால் நிராகரிக்கப்பட்டது" என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாடிக்கையாளர் புகாராலோ, காவல்துறையின் சைபர் பிரிவு அனுப்பிய கடிதத்தாலோ பணம் நின்றிருந்தால் எத்தனை ஆவணம் கொடுத்தாலும் நகராது, அதற்கு வழி வேறு. உங்கள் திரையில் தெரியும் வாசகத்தைப் பார்த்தால் இது வெறும் சரிபார்ப்புச் சிக்கல்தான்.

நீங்கள் ஏற்றிய மூன்றும் நீங்கள் யார் என்பதைக் காட்டுகின்றன. அந்தக் கடை உங்களுடையது என்பதை ஒன்றுகூடக் காட்டவில்லை. தனிநபர் நடத்தும் கடைக்கு, உரிமையாளரின் அடையாளத்தோடு, கடையின் பெயரிலேயே தொழில் நடப்பதற்கான இரண்டு ஆவணங்கள் வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கியின் கேஒய்சி உத்தரவு. சிறுதொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் சான்றிதழ், ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழ், உள்ளாட்சி உரிமம், கடையின் வருமானம் காட்டப்பட்ட வருமான வரி ரிட்டர்ன், கடைப் பெயரில் வரும் மின் அல்லது தொலைபேசி பில் ஆகியவை அந்தப் பட்டியலில் வருகின்றன. இரண்டு கொடுக்கவே முடியாது என்று அவர்களுக்குத் திருப்தியானால், நேரில் வந்து இடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றை மட்டும் ஏற்கவும் அதே உத்தரவு இடம் தருகிறது. ஆனால் அது அவர்கள் முடிவு.

உங்களுக்கு நான் சொல்வது உத்யமும் ஜிஎஸ்டியும். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. udyamregistration.gov.in தளத்தில் ஆதார், பான் எண்களை வைத்து நீங்களே பதியலாம். புரோக்கருக்குப் பணம் கொடுக்காதீர்கள். நிறுவனப் பெயர் கேட்கும் இடத்தில், வெப்சைட்டில் உள்ள கடைப் பெயரை எழுத்து மாறாமல் போடுங்கள். பலர் அங்கே தங்கள் சொந்தப் பெயரைப் போட்டுவிட்டு, மறுபடி நிராகரிக்கப்பட்டதும் என்னிடம் வருகிறார்கள்.

ஜிஎஸ்டிக்கு அவசரம் இருக்கிறது. ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினால்தானே பதிவு என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்பவருக்கு அது சரி. வெளிமாநிலத்துக்கு விற்கத் தொடங்கிவிட்டால், சிஜிஎஸ்டி சட்டம் 24-வது பிரிவின்படி தொகை எவ்வளவு என்று பார்க்காமல் பதிவு கட்டாயம். கைவினைப் பொருள்களுக்குச் சில விலக்குகள் உண்டு. உங்கள் உடுப்புக்கு அது பொருந்தாது. ஆகவே, "ஜிஎஸ்டி தேவையில்லை" என்ற உறுதிமொழியைக் கேட்வேக்குக் கொடுத்திருந்தால், அது தவறான உறுதிமொழி, திரும்பப் பெறுங்கள். பதிவுக் கடமை தொடங்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பித்தால், பதிவு அந்த நாளிலிருந்தே செல்லும். முதல் நாளே வெளிமாநில ஆர்டர் வந்திருந்தால்கூட இன்னும் 8 நாள் இருக்கிறது. தவறவிடாதீர்கள். விண்ணப்பத்தில் ஆதார் சரிபார்ப்பைத் தேர்ந்தெடுங்கள், பொதுவாக 7 வேலை நாளில் முடியும். நேரில் பார்க்க வேண்டும் என்று அதிகாரி முடிவு செய்தால் 30 நாள்வரை போகலாம். வீடு மாமனார் பெயரில் இருந்தால் மின் கட்டண ரசீதோடு அவருடைய சம்மதக் கடிதமும் வையுங்கள். வணிகப் பெயர் என்ற இடத்தில் அதே கடைப் பெயர்தான்.

இனி, நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று. இனிஷியல். பானில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், ஆதாரில் ஓர் எழுத்து மட்டும் இருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு தொடங்கிய வங்கிக் கணக்கில் கணவரின் இனிஷியல் ஏறியிருக்கும். கேட்வே ஒரு ரூபாய் அனுப்பி, வங்கி திருப்பித் தரும் பெயரைப் பானோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். உங்கள் பாஸ்புக் இரண்டு முறை திரும்பியதற்கு இதுதான் காரணமோ என்று சந்தேகப்படுகிறேன். கல்யாணத்துக்குப் பின் பெயர் மாறியிருந்தால், அரசு வழங்கிய திருமணப் பதிவுச் சான்றிதழை இணைத்தால் பழைய பெயரிலுள்ள அடையாள ஆவணத்தையும் ஏற்கலாம் என்று அதே கேஒய்சி உத்தரவு சொல்கிறது. வெறும் இனிஷியல் வித்தியாசம் என்றால், வங்கிக் கிளைக்குப் பானோடு போய்க் கணக்கின் பெயரைத் திருத்துவது பெரும்பாலும் எளிது. உத்யமும் ஜிஎஸ்டியும் கைக்கு வந்ததும் கடைப் பெயரில் நடப்புக் கணக்கு ஒன்று தொடங்கி, அதன் ரத்து செய்த காசோலையைக் கொடுங்கள்.

வெப்சைட்டையும் அவர்கள் பார்ப்பார்கள். விற்பவரின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, தொலைபேசி எண், பொருளைத் திருப்பும் விதி, பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பது, இவையெல்லாம் பக்கத்தில் இருக்க வேண்டும். வேறு தளத்திலிருந்து நகலெடுத்த பக்கத்தில் வேறொரு கடையின் பெயர் கிடக்கிறதா என்று ஒரு முறை படித்துப் பாருங்கள். சோதித்துப் பார்க்க உங்கள் சொந்தக் கார்டிலேயே பெரிய தொகை கட்டியிருந்தால் அதை மறைக்காதீர்கள். சொந்தக் கார்டில் கட்டித் தன் கணக்குக்கே பணம் எடுப்பது மோசடிக்காரர்களின் வழக்கம் என்பதால் அது கண்ணில் படும். ரத்து செய்து திருப்பித் தரச் சொல்லுங்கள்.

எல்லாம் சேர்ந்ததும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். கூடவே 47 ஆர்டருக்கும் பில், கூரியர் எண், டெலிவரி ஆன தேதி ஆகியவற்றை ஒரு அட்டவணையாக வையுங்கள். சாதாரண ஹெல்ப்லைனோடு நிறுத்தாமல், நிறுவனத்தின் தளத்தில் பெயர் போட்டிருக்கும், புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கும் நகல் போகட்டும். அவர்கள் 30 நாளில் பதில் சொல்லாவிட்டாலோ, காரணம் சொல்லாமல் மறுத்தாலோ, cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். அதற்கு நீங்கள் அனுப்பும் இந்த மின்னஞ்சலின் தேதிதான் ஆதாரம். என் நோட்டீஸ் அதற்குப் பிறகும் தேவைப்பட்டால், அந்த ஆவணங்களை எடுத்துக்கொண்டு வாருங்கள்.