எனக்கு 37, கணவருக்கு 39. ஏஎம்எச் நல்லா இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க. அப்படியும் வயசு ஒரு பிரச்சினையா?

ஆமாம். சினைப்பையில் இன்னும் எவ்வளவு முட்டை மிச்சம் இருக்கிறது என்பதற்குத்தான் ஏஎம்எச் ஓர் அடையாளம். அந்த முட்டைகளில் குரோமோசோம் எண்ணிக்கை சரியாக இருக்குமா என்பதை அது சொல்லாது. அதற்கு உங்கள் வயதுதான் கணக்கு.

எனக்கும் ஏஎம்எச் நன்றாகவே இருந்தது. 38 வயதில் கரு தரித்து, ஒன்பதாவது வாரத்தில் இதயத்துடிப்பு நின்றுவிட்டது. திசுவை குரோமோசோம் பரிசோதனைக்கு அனுப்பினோம். 16ஆவது குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. கருச்சிதைவில் மிக அதிகமாகக் காணப்படும் ட்ரைசோமி இதுதான். ரிப்போர்ட் கையில் இருந்தும் உறவுக்காரர்கள் நான் ஸ்கூட்டர் ஓட்டியதையும் பப்பாளி சாப்பிட்டதையும் விடவில்லை. இன்றைக்கும் ஆறவில்லை எனக்கு.

காரணம் இதுதான். நம் முட்டைகள் நாம் அம்மா வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. குரோமோசோம் ஜோடிகளைப் பிரிக்கும் வேலையை அப்போதே தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கின்றன. முட்டை வெளிவரும் மாதத்தில்தான் அந்த வேலை தொடரும். அதுவரை குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது கோஹெசின் என்ற புரதம். வருடங்கள் போகப் போக அந்தப் பிடி தளர்கிறது. பிரியும்போது ஒன்று தவறான பக்கம் போய்விடுகிறது. ஆண்களுக்கு விந்தணு புதிது புதிதாக உருவாவதால் இந்த வகைத் தவறு அவர்கள் வயதோடு பெரிதாகக் கூடுவதில்லை. பெண்ணைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், உடல் அமைந்த விதம் அப்படி.

ஏஎம்எச்சால் பயனே இல்லை என்றும் சொல்லவில்லை. உங்கள் வயதில் ஐவிஎஃப் செய்து பத்து முட்டை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு கருவுறலாம். அவற்றில் மூன்று நான்கு ஐந்தாம் நாள் வரை வளரலாம். அதில் ஏறக்குறைய பாதியில் குரோமோசோம் தவறு இருக்கும். மிஞ்சுவது ஒன்றோ இரண்டோ. முட்டை நிறைய இருந்தால் அந்த ஒன்று கிடைக்க வாய்ப்பு கூடும். ஆனால் அதனால் ஒவ்வொரு முட்டையின் தரமும் கூடிவிடாது. தரத்தைக் கூட்டும் என்று எனக்கு மாதக்கணக்கில் விலையுயர்ந்த மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். குரோமோசோம் தவறை அது சரிசெய்யும் என்பதற்கு நிரூபணம் உண்டா என்று கேட்டால் பதில் வரவில்லை.

21ஆவது குரோமோசோம் மூன்றாக இருந்தால் குழந்தைக்கு வருவது டவுன் சிண்ட்ரோம். அதன் வாய்ப்பு அம்மாவின் 30 வயதில் சுமார் 900க்கு ஒன்று, 35இல் 350க்கு ஒன்று, 40இல் 100க்கு ஒன்று. அதாவது 40இலும் நூறில் 99 பேருக்கு அது இல்லை. கரு தரித்தால் பத்தாவது வாரத்துக்குப் பிறகு அம்மாவின் ரத்தத்திலிருந்தே கருவின் குரோமோசோமைப் பார்க்கும் என்ஐபிடி பரிசோதனை செய்யலாம், 11 முதல் 13 வாரத்துக்குள் கருவின் கழுத்துக்குப் பின்னால் உள்ள நீரின் அளவைப் பார்க்கும் என்டி ஸ்கேனும் கட்டாயம் பாருங்கள். என்ஐபிடியில் சந்தேகம் வந்தாலும் அது முடிவல்ல. 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர் எடுத்துப் பார்த்து உறுதி செய்வார்கள். 35 தாண்டியவர்கள் ஆறு மாதம் முயன்றும் தரிக்காவிட்டால் ஒரு வருடம் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.